ஏழேகாலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு மங்களம்

நவராத்திரி புரட்டாசியில் வந்தாலும் பாட்டுக் குழுவுக்கான பேச்சு ஆடியிலேயே தொடங்கிவிடும். தெருக்கோயில் விழாக் குழுவில் ஒருவர் கைப்பேசியை எடுப்பார். "அண்ணே, வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் நம்ம கோயிலுக்கு வந்துடுங்க. தீபாராதனை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம்." மறுமுனையில் குழுத் தலைவர், "வந்துடறோம்ங்க. சம்பளம் எல்லாம் பாத்துப் பண்ணுங்க" என்பார். "மைக் செட் நம்மகிட்டயே இருக்குண்ணே" என்று இவர் முடிப்பார். இரு தரப்புக்கும் திருப்தி. விழா நாளன்று வரும் மனக்கசப்பு முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேதான் இருக்கிறது. தீபாராதனை எத்தனை மணிக்கு முடியும், பார்த்துப் பண்ணுவது எவ்வளவு, இருக்கிற மைக் செட் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குப் போதுமா என்று யாரும் கேட்கவில்லை.

இதைத் தீர்க்க ஒரு பக்கக் கடிதம் போதும். விழாக் குழு எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, இரண்டு படி அனுப்ப வேண்டும். பாட்டுக் குழுத் தலைவர் ஒரு படியில் "சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, முன்பணம் பெற்றதையும் குறித்துத் திருப்பித் தர வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். ஆனால் என்ன பேசினோம் என்பதை மூன்று மாதம் கழித்துக் காட்ட ஒரு தாள் வேண்டும். கோயில் காரியத்துக்கு எழுத்தா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தபலாக்காரருக்கும் ஹார்மோனியக்காரருக்கும் இந்த ஒன்பது நாள்தான் வருமானக் காலம். அவர்கள் மூன்று நாளை நமக்காக ஒதுக்கி வேறு மேடைகளை விடுகிறார்கள். அதற்கு எழுத்தில் உறுதி தருவதுதான் மரியாதை.

நம் கணக்குக்கு ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். குடியிருப்புத் தெரு, தெருவை அடைத்த பந்தல், இருநூறு நாற்காலி, வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று மாலை. குழுவில் ஒன்பது பேர்: முன்வரிசைப் பாடகர் இருவர், உடன்பாடுபவர் இருவர், ஹார்மோனியம், கீபோர்டு, தபலா, டோலக், ஜால்ரா.

முதலில் நேரம். கடிதம் எழுதுபவர்கள் தொடங்கும் நேரத்தை யோசித்து, அங்கிருந்து முன்னோக்கிப் போகிறார்கள். முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது, அரசு அறிவித்தால்தான் உண்டு. நம் தெருவுக்கு அது கிடைக்கும் என்று நம்பி நிகழ்ச்சியை அமைக்கக் கூடாது. ஆகவே 10 மணி என்பது சுவர். அரை மணி நேரம் கைவசம் வைத்துக்கொண்டால் 9.30-க்கு மங்களம் முடிந்திருக்க வேண்டும். பாட்டு இரண்டே கால் மணி நேரம் என்றால் 7.15-க்குத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆறு மணிக்குப் பெண்கள் அமர்ந்து லலிதா சஹஸ்ரநாமம் சொல்வார்கள். முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மேடையில் "செக், செக்" என்று மைக் பார்க்க முடியாது. எனவே மைக் சரிபார்ப்பு 5.45-க்குள் முடிந்தாக வேண்டும். ஒன்பது பேருக்கு ஒவ்வொரு வாத்தியமாகப் பார்த்து, சேர்ந்து ஒரு பாட்டுப் பாடிப் பார்க்க முக்கால் மணி நேரம் வேண்டும். ஆக 5 மணிக்குச் சரிபார்ப்பு, 4.30-க்குக் குழு கோயில் வாசலில். கடிதத்தில் "மாலை 4.30-க்கு வந்து சேர வேண்டும்" என்று எழுதுவது இந்தக் கணக்கால்தான். நவராத்திரியில் ஒரே மாலையில் இரண்டு மேடை ஒப்புக்கொள்ளும் குழுக்கள் உண்டு. வந்து சேரும் நேரத்தை எழுதிவிட்டால், முந்தைய மேடையை முடித்துக்கொண்டு ஆறே முக்காலுக்கு மூச்சிரைக்க இறங்குவது ஆடி மாதத்திலேயே வெளிவந்துவிடும். முடியாதென்றால் அப்போதே சொல்வார்கள்.

இனி தீபாராதனை. நவராத்திரியில் தினம் ஓர் அலங்காரம். திரைக்குப் பின்னால் குருக்கள் சந்தனக்காப்பில் கண்ணும் மூக்கும் எழுதிக்கொண்டிருப்பார். ஏழு மணிக்குத் திரை விலகும் என்று பத்திரிகையில் அச்சடித்திருப்போம். விலகுவது ஏழேமுக்காலாகவும் இருக்கலாம். அவரை அவசரப்படுத்துவது அழகல்ல. "தீபாராதனை முடிந்ததும் பாட்டு" என்று எழுதியிருந்தால் அந்தத் தாமதம் அப்படியே பாட்டின் தலையில் விழும். குழு சும்மா உட்கார்ந்திருக்கும், கூட்டம் கலையும், முடிவில் ஒன்பதரையைத் தாண்டியும் பாடச் சொல்வோம். அதனால் பாட்டைப் பூஜையோடு கட்டாமல் கடிகாரத்தோடு கட்ட வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"பாட்டு மாலை 7.15-க்குத் தொடங்கி 9.30-க்கு மங்களத்துடன் நிறைவுறும். தீபாராதனை தாமதமானாலும் 7.15-க்கே தொடங்கிவிடலாம். திரை விலகும்போது விழாக் குழுவினர் சைகை காட்டுவர். நடக்கும் பாட்டை முடித்து, மணியும் மேளமும் ஓயும் வரை குழு நிறுத்தி வைக்கும். இந்த இடைவெளி பாடும் நேரத்திலேயே சேரும். இதற்காக முடிவு நேரம் தள்ளிப்போகாது."

நேரத்தைத் தின்னும் இன்னொன்று, நம்மவர்களே செய்வது. உபயதாரர் பெயர் வாசிப்பு, பொன்னாடை, வந்திருக்கும் பிரமுகருக்கு ஒரு வரவேற்பு. பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தால் இருபது நிமிடம் போய்விடும். மீண்டும் அந்தச் சுருதிக்குக் கூட்டத்தைக் கொண்டுவர இரண்டு பாட்டுப் பாட வேண்டும். கடிதத்தில் "மரியாதை செய்தல் 8.30-க்கு ஒரே முறை, பத்து நிமிடம்" என்று எழுதுங்கள். இந்த வரி குழுவைவிட விழாக் குழுவைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும். முக்கியஸ்தர் ஒருவர் ஒன்பது மணிக்கு வந்து நிற்கும்போது செயலாளர் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

சம்பளத்துக்கு வருவோம். ஒரு மாலைக்கு ரூ.25,000 பேசியதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாலைக்கு ரூ.75,000. இந்தத் தொகைக்குள் என்ன அடக்கம் என்பதுதான் சண்டைக்கு வித்து. ஒன்பது பேரின் சம்பளம், அவர்கள் வாத்தியங்கள், வேன் வாடகை, டிரைவர் படி எல்லாம் அடக்கம். ஒலி, ஒளி, மேடை, ஜெனரேட்டர் விழாக் குழுவின் செலவு. மாலைக் காபியும் பலகாரமும், முடிந்ததும் டிரைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு இரவுச் சாப்பாடும் விழாக் குழுவைச் சேர்ந்தது. பொன்னாடையும் தாம்பூலமும் மரியாதை, சம்பளத்தில் கழிக்கப்படாது. பாடும்போது பக்தர்கள் கொண்டுவந்து தரும் அன்பளிப்பு யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். பாடகர் கையில் தருவது குழுவுக்கு, ஆரத்தித் தட்டில் விழுவது கோயிலுக்கு என்று வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

எப்போது தருவது? கையெழுத்தின்போது முன்பணம் ரூ.15,000. மீதி ரூ.60,000. இதைக் கடைசி நாள் சேர்த்துத் தருவதாக எழுதும் விழாக் குழுக்களே அதிகம். அது இருவருக்கும் கெடுதல். கடைசி நாளன்று வசூல் இன்னும் கைக்கு வராமல் செயலாளர் அலைவார். பக்கவாத்தியக்காரர்களுக்குக் குழுத் தலைவர் அன்றன்றைக்கே கூலி கொடுத்தாக வேண்டும். நம்மிடம் வராத பணத்துக்கு அவர் வட்டிக்கு வாங்குவார். ஒவ்வொரு மாலையும் மைக் சரிபார்ப்பு முடிந்ததும் ரூ.20,000 என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. சரிபார்ப்பு முடிந்தது என்றால் ஆள் வந்தாயிற்று, வாத்தியம் வந்தாயிற்று, ஒலி சரி என்று பொருள். பணம் தருவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

யார் பாடப்போகிறார்கள் என்பதும் சம்பளத்தோடு சேர்ந்ததே. முன்வரிசைப் பாடகர் இருவரின் பெயரையும் கடிதத்தில் எழுதுங்கள். மக்கள் அந்தக் குரலுக்காகத்தான் வருகிறார்கள். பக்கவாத்தியக்காரர் மாறலாம், முன்குரல் மாறினால் முந்தின நாளே சொல்ல வேண்டும், அந்த மாலைக்கு ரூ.5,000 குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருமே வர முடியாதென்றால் அந்த மாலையை மறுக்கும் உரிமை விழாக் குழுவுக்கு இருக்க வேண்டும். முன்பணத்தில் அதற்குரிய ரூ.5,000 திரும்ப வர வேண்டும். குறைக்கும் தொகை நியாயமாக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையைத் தண்டமாக எழுதினாலும், சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான நஷ்டஈட்டைத்தான் அனுமதிக்கிறது.

மழை தனியாக ஒரு பத்தி கேட்கும். புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் அடித்து, சாயங்காலம் இடியோடு கொட்டுவது வழக்கம். "மழை வந்தால் பேசித் தீர்த்துக்கொள்வது" என்ற வரி எதையும் தீர்க்காது. நவராத்திரிக்குள் வேறு நாளுக்கு மாற்றவும் முடியாது, குழுவுக்கு அந்த நாளில் வேறு மேடை இருக்கும். ஆகவே மழையை மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும். பகல் 2 மணிக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முன்பணத்தின் பங்கான ரூ.5,000 மட்டும் குழுவுக்கு. புறப்பட்ட பிறகு கைவிட்டால் பாதிச் சம்பளமான ரூ.12,500, ஏற்கெனவே தந்த பங்கு போக ரூ.7,500 தர வேண்டும். மேடையேறி முக்கால் மணி நேரம் பாடிய பிறகு மழை வந்தால் முழுச் சம்பளம். இதற்கு முன்னால் இன்னொரு வழியையும் எழுதலாம்: பந்தல் நனைந்தாலும் கோயில் மண்டபம் இருந்தால் ஐந்து பேரோடு, இரண்டு பெட்டியோடு உள்ளே உட்கார்ந்து பாடுவது. பெரும்பாலான குழுக்கள் இதற்கு மனமுவந்து சம்மதிக்கும். கடிதத்தில் இருந்தால் ஒலிக்காரர் அதற்கான கேபிளையும் கொண்டுவருவார்.

ஒலிக்கு வருவோம். "மைக் செட் இருக்கு" என்று சொன்னோமே, அது பெரும்பாலும் கோயிலில் காலையில் பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மைக்கும்தான். நம் குழுவுக்கு எண்ணிப் பார்ப்போம். பாடுபவர் நால்வருக்கு நான்கு மைக். ஹார்மோனியத்துக்கு ஒன்று. தபலாவில் வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியே, ஆக இரண்டு. டோலக்கின் இரு முகத்துக்கும் இரண்டு. கீபோர்டிலிருந்து நேரடியாக ஒரு கேபிள். ஜால்ராவுக்கு மைக் தேவையில்லை. அது பக்கத்து மைக்குகளில் எல்லாம் தானே நுழைந்துவிடும். ஆகப் பத்து. அறிவிப்புக்கு மேடையோரம் தனி மைக் ஒன்று வைத்துப் பதினொன்று. அறிவிப்பாளர் பாடகரின் மைக்கைத் தொடக்கூடாது. தொட்டால் வைத்த அளவெல்லாம் மாறிவிடும்.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு சேனல் மிக்ஸர் போதுமே என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பன்னிரண்டு சேனல் என்று எழுதிய பல மிக்ஸர்களில் மைக் சொருகும் வாய் ஆறோ எட்டோதான் இருக்கும்; மீதியெல்லாம் பாட்டுக் கருவிகளுக்கான ஜோடி வாய்கள். கடிதத்தில் "சேனல்" என்று எழுதாமல் "குறைந்தது 12 மைக் இணைப்புள்ள மிக்ஸர்" என்று எழுதுங்கள்.

அடுத்தது மானிட்டர், அதாவது பாடகரைப் பார்த்து வைக்கும் பெட்டி. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டக்கூடாத பொருளும் இதுதான். மானிட்டர் இல்லாத பாடகருக்குத் தன் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிவந்துதான் கேட்கும். சுவர் நூறடி தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். வேகமான பஜனையில் தாளம் தடுமாற அது தாராளமாகப் போதும். தபலாக்காரர் பின்வாங்குவார், ஜால்ரா முன்னே ஓடும். பாடகர் தன் குரல் கேட்கவில்லை என்று கத்துவார். வெள்ளிக்கிழமை கத்தினவருக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்டை இருக்காது. முன்வரிசைக்கு ஒன்று, உடன்பாடுபவர்களுக்கு ஒன்று, தாள வாத்தியத்துக்கு ஒன்று என மூன்று மானிட்டர் கட்டாயம் என எழுதுங்கள்.

கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பெரிய பெட்டிகள் பாடகர் வரிசைக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் பெட்டியின் ஒலி மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெட்டி வழியே வந்து, "கூ" என்று ஊளையிடும். இது ஒரு வகைத் தொல்லை. "ம்ம்ம்" என்று விடாமல் முனகுவது வேறு வகை. அது பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து வருகிறது. எர்த் சரியில்லை, அல்லது சீரியல் லைட் போகிற அதே இணைப்பில் மிக்ஸரும் இருக்கிறது. எல்லா மைக்கையும் அடைத்தும் முனகல் நிற்கவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் பார்க்க வேண்டும். கீபோர்டு கேபிளைப் பிடுங்கியதும் நின்றால் அந்தக் கேபிளுக்கு டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி தேவை. அலங்கார விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி இணைப்பு, எர்த்துடன் கூடிய மூன்று பிளக் பாயின்ட் மேடையில் வேண்டும் என்று கடிதத்தில் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டலாம்.

ஜெனரேட்டர் பற்றி ஒரு வரி. கரன்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த மாற்றத்தின் இடைவெளியில் கீபோர்டும் டிஜிட்டல் மிக்ஸரும் அணைந்துவிடும். திரும்ப உயிர்பெற்று, அளவுகள் சரிபார்க்கப்படுவதற்குள் பாட்டு அறுந்துபோகும். ஒலிக்கு மட்டுமாவது 7 மணி முதல் 9.30 வரை ஜெனரேட்டரிலேயே ஓட்டுவது நல்லது. டீசல் செலவைப் பார்த்து இதை விடாதீர்கள்.

எவ்வளவு சத்தம் என்பதிலும் வரம்பு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது விதி. இரவு 10 மணி வரை பகல் என்றே கணக்கு. பொது இடத்தின் எல்லையில் அந்த அளவைவிட 10 டெசிபல் கூடலாம், எப்படியும் 75-ஐத் தாண்டக்கூடாது. ஆக நம் தெருவுக்கு எல்லையில் 65. மேடையருகே இரண்டு ராட்சதப் பெட்டி வைத்துக் கடைசி நாற்காலி வரை தள்ளினால், முன்வரிசைக்குக் காது வலிக்கும், அடுத்த தெருவில் உள்ள நோயாளிக்குத் தூக்கம் போகும். நடுவில் இரண்டு சிறு பெட்டி வைத்து எல்லாவற்றையும் பந்தலுக்குள் நோக்கித் திருப்பினால் குறைந்த சத்தத்திலேயே சொல் தெளிவாகக் கேட்கும். பக்திப் பாட்டில் சொல் கேட்காவிட்டால் என்ன மிச்சம்? கூம்புக் குழாய்களைக் காவல் துறை அனுமதிப்பதில்லை. ஆகவே மரத்தில் குழாய் கட்டும் பேச்சே வேண்டாம்.

இந்த ஒலிப் பட்டியலைக் கடிதத்தின் பின்பக்கத்தில் தனியாக எழுதி, மூன்றாவது படி ஒன்று எடுத்து, ஒலி அமைப்பாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலான கோயில்களில் விடுபடுவது இந்த ஒரு படிதான். பாட்டுக் குழுவும் விழாக் குழுவும் சம்மதித்த பட்டியலை, பொருளைக் கொண்டுவர வேண்டியவர் பார்த்தே இருக்கமாட்டார். முன்பே பார்த்தால், "டோலக்குக்கு இரண்டு மைக் என்கிட்ட இல்லைங்க, வாடகைக்கு எடுக்கணும்" என்று அன்றே சொல்லிவிடுவார். "மிக்ஸரில் அனுபவமுள்ள ஆள் 9.30 வரை அமர்ந்திருக்க வேண்டும்" என்ற வரியையும் அவர் கண்ணில் காட்டுங்கள். எல்லாவற்றையும் கட்டிவிட்டு ஒரு பையனை உட்காரவைத்து அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவது இந்தத் தொழிலில் சகஜம். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி தேவை என்பதால் காவல் நிலையத்தில் மனு கொடுக்கும்போது நாள், இடம், நேரம் கேட்பார்கள். கடிதத்தின் நகலை அத்துடன் இணைத்துவிட்டால், மனுவில் ஒரு நேரமும் மேடையில் ஒரு நேரமுமாக ஆகாது.

மற்றவை சின்ன விஷயங்கள். பாட்டுப் பட்டியல் ஒரு வாரம் முன்பே வர வேண்டும்; சினிமா மெட்டில் பாடலாமா என்பதில் தெருவுக்கு ஒரு கருத்து இருக்கும், அதை அப்போதே சொல்லிவிடலாம். நிகழ்ச்சியைப் படம்பிடித்து இணையத்தில் போடுவதென்றால் குழுவின் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும். மேடை இருபதடிக்குப் பதினாறடி, ஜமக்காளம் விரித்து, பெண் பாடகர்கள் உடைமாற்ற ஓர் அறை.

ஒவ்வொரு மாலையும் ரூ.20,000 தரும்போது தேதியிட்ட வவுச்சரில் குழுத் தலைவரின் கையெழுத்தை வாங்கிக் கடிதத்தோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். முன்பண ரசீது ஒன்று, வவுச்சர் மூன்று. நான்கும் கூட்டினால் ரூ.75,000. விஜயதசமி கழிந்து வரவுசெலவுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டும்போது பாட்டுச் செலவுக்கு இந்த நான்கு தாளும் ஆதாரம். அடுத்த ஆடியில் புதிய விழாக் குழு பொறுப்பேற்றால், இதே கடிதத்தில் தேதியையும் தொகையையும் மாற்றினால் போதும்.